வாட்டர்கலர், பிரஷ், பேப்பர்: சேலத்திலும் ஏற்காட்டிலும் வாங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொண்ணு மூணாவது படிக்கிறா. 24 கலர் செட் வாங்கட்டுமா, 12 போதுமா?

12 போதும். 24 கலர் பெட்டியில் கூடுதலாக வரும் பாதி நிறங்கள் முதல் 12-ஐயே ஒன்றோடொன்று கலந்து, கொஞ்சம் வெள்ளை சேர்த்து அச்சில் ஊற்றியவைதான், அதையெல்லாம் குழந்தையே மூடியில் கலந்துகொள்ளும். ட்யூபா கேக்கா என்றால் இந்த வயசுக்கு கேக்தான். ட்யூப் கொடுத்தால் ஒரே உட்காரலில் பாதியைப் பிதுக்கிவிடுவார்கள், மூடியைத் திருப்பி மூட மாட்டார்கள், அடுத்த வாரம் அது கல்.

குழந்தை செட்டில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஈர பிரஷை வைத்து இரண்டு மூன்று முறை தேய்த்ததும் நிறம் பளிச்சென்று பிரஷில் ஏறுகிறதா? ஏறாவிட்டால் குழந்தை அழுத்தித் தேய்க்கும், பிரஷ் முடி விரிந்துவிடும், அப்புறம் "எனக்கு பெயின்டிங் வராது" என்று பெட்டியை மூடி வைத்துவிடும். மலிவான கேக்கில் நிறமியைவிட சுண்ணாம்புத் தூள் மாதிரியான நிரப்பிதான் அதிகம் இருக்கும், அதனால் பேப்பரில் கொஞ்சம் பால் கலந்த மாதிரி மங்கலாகத் தெரியும். மூணாவது படிக்கிற பிள்ளைக்கு அது பிரச்சினையே இல்லை. அவர்கள் அடர்த்தியாகத்தான் அடிப்பார்கள், சூரியனும் வீடும் தென்னை மரமும் பளிச்சென்று வந்தால் சரி. இந்த செட்டை "நிறமி தரம் குறைவு" என்று நான் குறை சொல்ல மாட்டேன். அது செய்ய வேண்டிய வேலையை அது செய்கிறது.

பேப்பரும் அதற்கேற்ப எளிமையாகவே இருக்கட்டும். 150 ஜிஎஸ்எம் சுற்றுவட்டத்தில் ஒரு டிராயிங் புத்தகம், வளைந்தாலும் கவலையில்லாத விலையில். குழந்தை நிறையப் பக்கங்கள் வரைய வேண்டும் என்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் அம்மா மனசுக்குள் கணக்குப் போடக் கூடாது.

அட்டையில "ஆர்ட்டிஸ்ட் குவாலிட்டி"னு போட்டிருக்கு. நம்பலாமா?

அந்த வார்த்தையை யாரும் தடுத்து நிறுத்துவதில்லை, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அட்டையின் முன்பக்கத்தை விட்டுவிட்டு ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் PB29, PY150, PBr7 மாதிரி ஒரு குறியீடு இருக்கிறதா? அதுதான் உள்ளே உண்மையில் என்ன நிறமி இருக்கிறது என்பதற்கான சர்வதேச அடையாளம். முதல் எழுத்து P என்றால் நிறமி, அடுத்தது நிறக் குடும்பம்: B நீலம், Y மஞ்சள், R சிவப்பு, G பச்சை, V ஊதா, Br பழுப்பு, W வெள்ளை. பின்னால் வருவது வரிசை எண். ட்யூபின் பெயர் என்னவாக இருந்தாலும் இந்தக் குறியீடு மாறாது. ஒரு கம்பெனியின் "ஸ்கை ப்ளூ" இன்னொன்றின் "ஸ்கை ப்ளூ"வாக இருக்காது, ஆனால் PB29 எங்கே வாங்கினாலும் அல்ட்ராமரின்தான்.

குறியீடே இல்லை என்றால் அது ஆர்ட்டிஸ்ட் பெயின்ட் என்று நான் சொல்ல மாட்டேன், அட்டையில் தங்க எழுத்தில் போட்டிருந்தாலும் சரி.

குறியீடு இருந்தால் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஒன்றே ஒன்று இருந்தால் நல்லது. இரண்டு என்றால் எதற்காக என்று யோசிக்கலாம். மூன்று, நான்கு இருந்து அதில் ஒன்று PW6 ஆகவும் இருந்தால், அது வெள்ளை கலந்த ரெடிமேட் நிறம். ஒளி ஊடுருவாது, மற்ற நிறங்களோடு கலக்கும்போது மாவு மாதிரி ஆகிவிடும். "ஹ்யூ" என்று பெயரின் கடைசியில் ஒட்டியிருந்தால், அந்தப் பெயருக்குரிய அசல் நிறமி உள்ளே இல்லை, அதைப் போலத் தெரியும்படி வேறொன்றால் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. காட்மியம், கோபால்ட் எல்லாம் விலை உயர்ந்த உலோகங்கள், மாணவர்களுக்கான ட்யூபில் அதைப் போட்டால் விலை கட்டாது.

அப்புறம் வெயிலில் நிறம் எவ்வளவு தாங்கும் என்ற குறி. சிலர் நட்சத்திரம் போடுவார்கள், சிலர் ரோமன் எண்ணில் I, II என்று போடுவார்கள். I, II நம்பலாம், III-க்கு மேல் போனால் சுவரில் மாட்டும் படத்துக்கு வேண்டாம். இரண்டு நிறங்களைப் பெயர் சொல்லியே எச்சரிக்கிறேன். PR83 குறியீடு உள்ள அலிசரின் கிரிம்சன் ஒன்று, கண்ணைப் பறிக்கும் ஓபரா ரோஸ் இன்னொன்று. இரண்டும் பார்க்க அவ்வளவு அழகு, இரண்டும் வெளுத்துப்போகும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டுப் பேப்பரில் பட்டையாக அடித்து, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, நல்ல வெயில் விழும் ஜன்னலில் ஒட்டி வையுங்கள். நம்ம சேலம் வெயிலுக்கு ஒரு கோடை போதும், மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் வித்தியாசம் வந்துவிட்டதா என்று தெரிந்துவிடும்.

ஸ்டூடன்ட் ட்யூபுக்கும் ஆர்ட்டிஸ்ட் ட்யூபுக்கும் இவ்ளோ விலை வித்தியாசம். போட்டா நிஜமாவே தெரியுமா?

எந்த நிறம், எதை வரைகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மூக்கனேரிக் கரையில் நின்று காலையில் சேர்வராயன் மலைத்தொடரை வரைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தூரத்து முகடு வெளிர் நீலச் சாம்பல், நடு முகடு அதைவிடக் கொஞ்சம் பச்சை, முன்னால் இருப்பது அடர்ந்த கரும்பச்சை, இடையில் பனி. இதற்கு மூன்று ட்யூப் போதும்: அல்ட்ராமரின் PB29, பர்ன்ட் சியன்னா PBr7, ஒரு ஒளி ஊடுருவும் மஞ்சள், உதாரணமாக PY150.

முதலில் வானம். நீலத்தில் துளி பழுப்பு சேர்த்தால் சாம்பலாக இறங்கும், அதை நிறையத் தண்ணீரில் அடித்துவிட்டு நன்றாகக் காய விடுங்கள். அடுத்து அதே கலவையில் நீலத்தைக் கூட்டி தூரத்து முகடு. அதன் அடிப்பக்கத்தை, நிறம் காய்வதற்கு முன்னாலேயே, சுத்தமான ஈர பிரஷால் ஒரு இழுப்பு இழுத்துக் கரைத்துவிட்டால் பனி வந்துவிடும். காய்ந்ததும் மஞ்சள் சேர்த்து நடு முகடு, மறுபடி அடியைக் கரைப்பது. கடைசியில் மூன்றும் கெட்டியாகச் சேர்ந்த முன் மலை. மொத்தம் நான்கு லேயர், எல்லாவற்றிலும் சேர்த்தே மூன்று நிறமிதான். அதனால்தான் கீழே இருக்கும் லேயர் மேலே தெரிகிறது, தூரம் தூரமாகவே நிற்கிறது.

இதையே 24 ட்யூப் செட்டில் இருக்கும் "சாப் கிரீன்", "பெய்ன்ஸ் கிரே", "ஸ்கை ப்ளூ" மூன்றையும் கலந்து செய்து பாருங்கள். சாப் கிரீனில் பெரும்பாலும் இரண்டு நிறமி, பெய்ன்ஸ் கிரேயில் இரண்டோ மூன்றோ, ஸ்கை ப்ளூவில் வெள்ளையும் சேர்த்து இரண்டு. ஒரு தட்டில் ஆறேழு நிறமி சேர்ந்தால் அது சேறு. மேலே வெள்ளை வேறு இருப்பதால் இரண்டாவது லேயர் போட்டதும் முதல் லேயர் மறைந்துபோய் மலை அட்டையில் வெட்டி ஒட்டிய மாதிரி தட்டையாகிவிடும். நிறைய பேர் தங்கள் கையைக் குறை சொல்லிக்கொள்வது இங்கேதான். தட்டில் சேர்ந்த நிறமிகளின் எண்ணிக்கையை முதலில் பார்க்க வேண்டும்.

இப்போது பணம் மிச்சம் பிடிக்கிற விஷயம். அல்ட்ராமரினும் சியன்னா மாதிரியான மண் நிறங்களும் இயல்பிலேயே மலிவான நிறமிகள். அதனால் ஸ்டூடன்ட் ட்யூபிலும் பெரும்பாலும் அதே PB29, அதே PBr7 தான் இருக்கும். நிறமியின் அளவுதான் குறைவு, கொஞ்சம் கூடுதலாக ட்யூபைப் பிதுக்க வேண்டியிருக்கும். இந்த இரண்டையும் ஸ்டூடன்ட் தரத்திலேயே வாங்கலாம். மஞ்சளுக்கும் சிவப்புக்கும், கோபால்ட் நீலம் வேண்டுமென்றால் அதற்கும், ஆர்ட்டிஸ்ட் ட்யூபாக ஒவ்வொன்றாக வாங்குங்கள். செட்டாக வாங்கினால் நீங்கள் தொடவே போகாத பாதிக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள்.

நான் வாங்கினதும் 300 ஜிஎஸ்எம் பேப்பர்தான். ஆனா நிறத்தைத் தண்ணியில கரைச்சுப் பரப்பி வாஷ் போட்டா திட்டுத் திட்டா வருதே?

ஜிஎஸ்எம் என்பது எடை மட்டும்தான். ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தனை கிராம் என்பது. அது மரக்கூழா பஞ்சா என்று அந்த எண் சொல்லாது, ஆனால் திட்டு விழுவதும் விழாததும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. 300 ஜிஎஸ்எம் மரக்கூழ்ப் பேப்பரும் 300 ஜிஎஸ்எம் பஞ்சுப் பேப்பரும் கையில் பிடித்தால் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், பிரஷை வைத்தால் இரண்டும் இரண்டு உலகம்.

மரக்கூழில் தண்ணீர் மேலாகவே நிற்கும், பாதி இடத்தில் சீக்கிரம் காயும், பாதி இடத்தில் குளமாக நிற்கும். காயத் தொடங்கிய இடத்துக்கு ஈரமான இடத்திலிருந்து தண்ணீர் ஓடி வந்து நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் விடும், அதுதான் நீங்கள் பார்க்கும் பூக்கோசு மாதிரியான விளிம்பு. பஞ்சில் இழைகள் நீளம், தண்ணீரை உள்ளே இழுத்து ஒரே சீராகப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் உங்களுக்கு வேலை செய்ய நேரமும் கிடைக்கும். இரண்டாவது லேயர் போடும்போதும் மரக்கூழில் கீழே இருக்கும் நிறம் எழுந்து வந்துவிடும், பஞ்சில் பெரும்பாலும் அப்படியே இருக்கும். மேலே சொன்ன நான்கு லேயர் மலையை மரக்கூழில் போட்டால் மூன்றாவதில் கலங்கிவிடும்.

அட்டையில் "100% காட்டன்" என்று இருந்தால் முழுப் பஞ்சு. "25% காட்டன்" என்றால் மீதி மரக்கூழ், கொஞ்சம் பொறுமையாக நடந்துகொள்ளும், பழகுவதற்கு நல்லது. "ஆசிட் ஃப்ரீ" என்று மட்டும் போட்டிருந்தால் அது பேப்பர் பழுப்பாகாமல் இருப்பதற்கான உத்தரவாதம், பஞ்சு என்று அர்த்தமில்லை. இதைக் கலந்து குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

மேல்பரப்பு மூன்று வகை. கோல்டு பிரஸ் லேசான சொரசொரப்பு, எல்லா வேலைக்கும் ஆகும், முதலில் அதையே வாங்குங்கள். ஹாட் பிரஸ் வழுவழுப்பு, பூ, பேனாக் கோடு, நுணுக்க வேலைக்கு. ரஃப் நல்ல சொரசொரப்பு, வேகமாகப் பிரஷை இழுத்தால் பள்ளங்களில் வெள்ளை விட்டுப்போகும், பாறைக்கும் அருவிக்கும் அருமை.

பஞ்சுப் பேப்பர் விலை கேட்டு பயந்துவிட வேண்டாம். பேடாக வாங்காமல் 56-க்கு 76 செ.மீ. முழுத் தாளாக வாங்கி எட்டாக வெட்டுங்கள், ஒவ்வொன்றும் 28-க்கு 19, கிட்டத்தட்ட ஏ4. பெரும்பாலும் பேடைவிட மலிவாக வரும். பின்பக்கமும் வரையலாம், படம் கெட்டுப்போனால் திருப்பிப் போட்டு நிறம் கலந்து பார்க்க வைத்துக்கொள்ளலாம்.

சேலத்துல அடிச்ச உடனே காஞ்சிடுது, ஏற்காட்டுல உக்காந்தா காயவே மாட்டேங்குது. ஒரே பேப்பர் ரெண்டு இடத்துக்கும் ஆகுமா?

ஆகும், ஆனால் பழக்கம் மாற வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் சுமார் 1500 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறீர்கள், வெப்பமும் ஈரப்பதமும் தலைகீழ்.

சேலத்தில் ஏப்ரல், மே மாதத்தில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து மரக்கூழ்ப் பேப்பரில் வானம் போட்டால் பிரஷ் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்குப் போவதற்குள் முதல் ஓரம் காய்ந்துவிடும். இந்த ஊரில்தான் பஞ்சுப் பேப்பருக்குக் கொடுக்கும் காசு அதிகம் உழைக்கிறது. தாளின் பின்பக்கத்தையும் நனைத்து ஒரு பிளாஸ்டிக் பலகை மேல் படிய வைத்தால் அடியிலிருந்தும் ஈரம் வந்துகொண்டே இருக்கும். விசிறியை அணைக்க முடிந்தால் அணைத்துவிடுங்கள், முடியாவிட்டால் காலையில் ஏழு மணிக்குள் வாஷ் வேலையை முடித்துவிடுங்கள்.

ஏற்காட்டில், முக்கியமாக மழை மாதங்களில், பகோடா பாயின்ட்டில் பனி இறங்கும்போது பஞ்சுப் பேப்பரில் ஒரு வாஷ் காய அரை மணி நேரம்கூட ஆகலாம். அங்கே பஞ்சின் நல்ல குணமே தொந்தரவு. அதனால் அங்கே சின்ன அளவில், 25% பஞ்சு அல்லது நல்ல மரக்கூழ்ப் பேப்பர் எடுத்துப் போங்கள். இரண்டு மூன்று படங்களை ஒரே நேரத்தில் ஆரம்பியுங்கள், ஒன்று காயும் நேரத்தில் இன்னொன்றில் அடுத்த லேயர். சில்வர் ஓக் மரங்கள் பனியில் கரைந்து நிற்பதைப் போட இந்த ஈரம் வசதிதான், விளிம்பு தானாகவே மெத்தென்று வரும். மரத்தின் கிளைக் கோடுகளை மட்டும் அறைக்குத் திரும்பி வந்து போடுங்கள்.

காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள விரலால் தொடாதீர்கள், எண்ணெய் ஒட்டும். புறங்கையைத் தாளின் மேல் வையுங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, பார்க்கப் பளபளப்பு போயிருந்தாலும்கூட. அந்த நேரத்தில் மேலே அடித்தால்தான் அதிகமாகக் கெடும்.

போன வருஷம் வாங்கின நல்ல பேப்பர், இப்ப அடிச்சா புள்ளி புள்ளியா உறிஞ்சுது. போலியா?

போலி இல்லை, பசை போய்விட்டது. வாட்டர்கலர் பேப்பர் தயாரிக்கும்போது தண்ணீரை உடனே குடித்துவிடாமல் இருக்க ஜெலட்டின் மாதிரி ஒரு பசை கொடுப்பார்கள். ஈரமான இடத்தில் மாதக்கணக்கில் கிடந்தால் அந்தப் பசை அங்கங்கே கெட்டுப்போகும். வெள்ளைத் தாளாக இருக்கும்போது கண்ணுக்கு எதுவும் தெரியாது, நிறம் பட்டவுடன் கரும்புள்ளிகளாகத் தெரியும், தேய்த்தாலும் போகாது.

ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். ஒரு நிமிஷமாவது முத்து மாதிரி மேலே நிற்க வேண்டும், உடனே பரவி கறுத்தால் அந்தத் தாள் வாஷுக்கு ஆகாது. தூக்கிப் போட வேண்டாம், பென்சில், கரி, கெட்டியான போஸ்டர் கலருக்குப் பயன்படும். ஏற்காட்டில் வீடு இருப்பவர்கள் தாள்களை ஒரு ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு, சுவரில் சாயாமல் பீரோவின் மேல் தட்டில் படுக்க வைக்கலாம். தேவைக்கு மேல் வாங்கிச் சேர்த்து வைக்காமல் இருப்பது இன்னும் நல்லது.

ஸ்கெட்ச் புக்கிலேயே வாட்டர்கலர் அடிக்கலாமா?

100, 120 ஜிஎஸ்எம் ஸ்கெட்ச் பேப்பர் பென்சிலுக்கும் பேனாவுக்கும். லேசாக ஒரு நிறம் தொட்டுவைக்கலாம், வாஷ் போட்டால் அலை அலையாக எழும்பும், பின்பக்கமும் போச்சு. கோட்டோவியத்துக்கு மேல் நிறம் தடவும் பழக்கம் என்றால் 200 ஜிஎஸ்எம் மிக்ஸ்டு மீடியா புத்தகம் வாங்குங்கள். ஒரே லேயரில் முடித்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அது தாங்கும்.

பிரஷ் 12 உள்ள பாக்கெட் மலிவா இருக்கு. எத்தனை நம்பர் வேணும்?

ரவுண்டு பிரஷ் இரண்டு: 6, 10. இதற்கு மேல் வேண்டுமென்றால் வானத்துக்கு ஒரு இஞ்ச் ஃப்ளாட். நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒருத்தருடைய 8 இன்னொருத்தருடைய 6 மாதிரி இருக்கும், அதனால் கண்ணால் பார்த்து வாங்குவதே சரி.

நல்ல ரவுண்டு பிரஷுக்கு வயிறும் வேண்டும், நுனியும் வேண்டும். வயிறு தண்ணீரைப் பிடித்து வைக்கும், நுனி கோடு போடும். கடையில் இருக்கும் புது பிரஷ் எல்லாமே ஊசி மாதிரிதான் நிற்கும், ஏனென்றால் பசையில் தோய்த்து நிறுத்தியிருப்பார்கள். ஒரு டம்ளர் தண்ணீர் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். முழுக்க நனைத்து பசையைக் கரைத்துவிட்டு, கையை ஒரு உதறு உதறினால் நுனி தானாகச் சேர்ந்து நிற்க வேண்டும். இரண்டாகப் பிளந்து நின்றால் வைத்துவிட்டு வாருங்கள். பிறகு நகத்தின் மேல் வளைத்து விடுங்கள், நிமிர்ந்து வர வேண்டும். உலோக வளையத்தைப் பிடித்து லேசாகத் திருகினால் ஆடக் கூடாது.

குழந்தைக்கும் தொடங்குபவருக்கும் சிந்தெடிக் முடி போதும், மீண்டும் நிமிரும், அடி உதை தாங்கும். அணில் முடி நிறையத் தண்ணீர் பிடிக்கும், ஆனால் தொய்வு, பெரிய வாஷுக்கு மட்டும் சரி. கோலின்ஸ்கி சேபிள் வயிறு, நுனி இரண்டும் உள்ளது, விலையும் அதற்கேற்றபடி. படம் வரைவதையே வேலையாக வைத்திருப்பவர்கள் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். பன்றி முடி பிரஷ் ஆயில் பெயின்ட்டுக்கானது, வாட்டர்கலர் பேப்பரைச் சுரண்டிவிடும். எதுவாக இருந்தாலும் தண்ணீர் டம்ளரில் தலைகீழாக நிற்க வைக்காதீர்கள். நுனி வளைவது ஒரு பக்கம், வளையத்துக்குள் தண்ணீர் போய்க் கட்டை ஊதி, பெயின்ட் உரிந்து, தலை கழன்று வருவது இன்னொரு பக்கம்.

பழைய கடை ஒண்ணுல "கீரி முடி பிரஷ்" இருக்கு, சூப்பரா நிமிருதுங்கறாங்க. வாங்கலாமா?

வேண்டாம். கீரி வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-இன் கீழ் பாதுகாக்கப்பட்ட விலங்கு, அதன் முடியில் செய்த பிரஷை விற்பதும் வாங்குவதும் குற்றம். முடியைக் கவனித்தால் அடியில் கறுப்பு, நடுவில் வெளிர் பட்டை, நுனியில் மறுபடி கறுப்பு என்று இருக்கும். நல்ல சிந்தெடிக் அந்த நிமிர்வைத் தரும்.

அப்பா ரிட்டயர் ஆகி ஏற்காட்டுக்கே போயிட்டார், வரைய ஆசைப்படறார். இரண்டாயிரம் ரூபாய்க்குள்ள என்ன வாங்கித் தரலாம்?

பாதிக்கு மேல் பேப்பருக்கு ஒதுக்குங்கள். ஏற்காடு என்பதால் 25% பஞ்சு, 300 ஜிஎஸ்எம், கோல்டு பிரஸ் ஒரு பேடு பழகுவதற்கு, முழுப் பஞ்சுத் தாள் ஒன்றிரண்டு, வெட்டியது, வெயில் அடிக்கும் நாளுக்கு. அடுத்து ட்யூப், செட் அல்ல: PB29, PBr7 இரண்டும் ஸ்டூடன்ட் தரத்தில், மஞ்சள் ஒன்று, PV19 ரோஸ் ஒன்று ஆர்ட்டிஸ்ட் தரத்தில். காபிப் பழம் சிவப்பும் செம்மண்ணும் அந்த ரோஸ், மஞ்சள், சியன்னாவிலிருந்தே வந்துவிடும். மீதிக் காசில் 10-ஆம் நம்பர் சிந்தெடிக் ரவுண்டு ஒன்று. பலகைக்கு வீட்டிலிருக்கும் பரீட்சை அட்டை, நிறம் கலக்க வெள்ளைப் பீங்கான் தட்டு. பிளாஸ்டிக் பேலட்டில் புதிதில் நிறம் சொட்டுச் சொட்டாகத் திரண்டு நிற்கும், பீங்கானில் ஒழுங்காகப் பரவும், அப்பாவுக்குக் கலவை சரியாகத் தெரியும்.

பட்ஜெட் இடித்தால் ரோஸைத் தள்ளிப் போடுங்கள், பேப்பரில் கை வைக்காதீர்கள். நல்ல பேப்பரில் சாதா பெயின்ட் ஓரளவு ஒழுங்காக வரும். மட்டமான பேப்பரில் எவ்வளவு விலை உயர்ந்த பெயின்ட்டும் திட்டுத்தான்.

சின்னவன் பிரஷை வாயில வச்சுக்கறான். எதைப் பார்த்து வாங்கறது?

குழந்தை செட்டில் பொம்மைகளுக்கான ஐரோப்பியப் பாதுகாப்புத் தரமான EN 71 என்றோ AP முத்திரையோ இருக்கிறதா பாருங்கள், பெட்டியின் பின்பக்கம் வயதும் போட்டிருக்கும். AP என்பது நச்சுத்தன்மை இல்லை என்று பரிசோதித்துக் கொடுக்கும் முத்திரை. அதற்காக ஊட்டிவிடலாம் என்று அர்த்தமில்லை. வாயில் வைத்தால் பயப்படத் தேவையில்லை என்றுதான் அர்த்தம்.

உங்கள் ஆர்ட்டிஸ்ட் ட்யூபை மட்டும் அவன் கையில் கொடுக்காதீர்கள். PR108, PY35 காட்மியம், PB28 கோபால்ட். பெரியவர்கள் பிரஷில் எடுத்துப் பேப்பரில் அடிப்பதில் ஆபத்தில்லை, ஆனால் நுனியைக் கூராக்க உதட்டில் வைத்து இழுக்கும் பழக்கம் இருந்தால் அதை அவனுக்கு முன்னால் நீங்கள் நிறுத்துங்கள். பிரஷ் கழுவும் டம்ளர் காபி டம்ளர் மாதிரி இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், எவ்வளவோ வீட்டில் நடக்கிறது.

பெயின்ட் பெட்டியில எறும்பு வருது. இன்னொரு பெட்டியில பூஞ்சை. என்ன பண்றது?

எறும்பு வந்தால் அநேகமாக உங்கள் பெயின்ட்டில் தேன் இருக்கிறது. சில ஆர்ட்டிஸ்ட் வகைகளில் நிறம் காய்ந்து வெடிக்காமல் இருக்கத் தேன் சேர்ப்பார்கள், பெட்டியிலேயே எழுதியிருக்கும். இறுக்கமாக மூடும் டப்பாவில் வையுங்கள். சேலத்து வெயிலுக்குத் தேன் வகை ஒரு விதத்தில் நல்லது, மற்றவை சுருங்கி வெடித்துக் கேக்கோடு கழன்று விழும் நேரத்திலும் இது மெத்தென்று இருக்கும். ஏற்காட்டில் அதே தேன் காயவே காயாமல் பிசுபிசுவென்று ஓடும், அங்கே தேன் இல்லாத வகையை வாங்குங்கள்.

பூஞ்சை வருவது ஈரத்தோடு மூடி வைப்பதால். வரைந்து முடித்ததும் பெட்டியைத் திறந்தபடியே ஒரு இரவு விட்டுவிட்டு மறுநாள் மூடுங்கள். ஏற்கெனவே வந்திருந்தால் மேல் பரப்பை ஈரத் துணியால் துடைத்து எடுத்துவிட்டு, வெயில் நேரடியாகப் படாத காற்றோட்டமான இடத்தில் நன்றாகக் காய விடுங்கள். உள்ளே இருக்கும் நிறத்தைப் பெரும்பாலும் தொடர்ந்து பயன்படுத்தலாம். நாற்றம் போகாவிட்டால் அந்த ஒரு கேக்கை மட்டும் சுரண்டி எடுத்துப் போட்டுவிட்டு, குழியைச் சோப்புப் போட்டுக் கழுவி ட்யூபிலிருந்து நிரப்பிக்கொள்ளுங்கள்.